"டிஸ்பாட்சுக்கு முன் ரத்து செய்யலாம்" என்று விதி வைத்திருக்கிறீர்களா? உடனே மாற்றுங்கள்

வீட்டிலிருந்து பலகாரம் செய்து விற்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். போன மாதம் எங்களுக்கு நடந்தது, அடுத்து உங்களுக்கும் நடக்கலாம்.

மகள் வளைகாப்புக்கு 60 பலகாரப் பெட்டி வேண்டும் என்று ஒரு அம்மா ஆர்டர் கொடுத்தார். பெட்டிக்கு இரண்டு அதிரசம், ஒரு பாக்கெட் தேங்காய்ப்பால் முறுக்கு, மூடியில் பெண்ணின் பெயரும் விழா தேதியும் அச்சிட்ட ஸ்டிக்கர். ஒன்று 140 ரூபாய், மொத்தம் 8,400. கார்டில் முழுப் பணமும் கட்டினார். காலை 7 மணிக்குப் பேக்கிங் தொடங்கி மதியம் 2 மணிக்குள் 60 பெட்டியும் ஒட்டி முடித்தோம். கூரியர் வண்டி 5 மணிக்கு வரும். 3 மணிக்கு மெசேஜ்: "கேன்சல் பண்ணிடுங்க, இன்னும் டிஸ்பாட்ச் ஆகலைதானே? உங்க பாலிசில முழுப் பணம்னு போட்டிருக்கு."

போட்டிருந்ததுதான். கொடுக்கவில்லை என்றால் வங்கியில் புகார் செய்து பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வேன் என்றார். அப்படிப் புகார் வந்தால் பேமெண்ட் கேட்வேக்காரர்கள் கேட்பது ஆர்டர் நாளில் காட்டிய விதியையும் பொருளை ஒப்படைத்த சான்றையும்தான். அந்த விதி அவர் பக்கம்தான் பேசும். முழுப் பணத்தையும் திருப்பிவிட்டோம். கேட்வே பிடித்த 2 சதவீதமும் அதன் மேல் ஜிஎஸ்டியுமாக 198 ரூபாய் மட்டும் எங்களுக்குத் திரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்து எங்களைப் போலவே பலகாரம் விற்கும் ஒரு அக்கா தன் ஸ்டேட்டஸில் போட்ட பெட்டிகளைப் பார்த்தால், அதே பெயர், அதே தேதி! விசாரித்தால் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் ஆர்டர். அவர் விலை 120. யாராவது ஒருவர் கைவிட்டால் ஆகட்டும் என்று எங்களை ஸ்பேராக வைத்திருந்திருக்கிறார்கள். அந்த அக்காவின் பெட்டிகள் மதியமே கைக்குப் போனதும் எங்களுக்கு கேன்சல்.

அதிரசத்தையும் முறுக்கையும் அக்கம்பக்கத்தில் குறைத்து விற்றுவிடலாம், விற்றோம். பெயர் ஒட்டிய பெட்டிகளும் ஒரு நாள் உழைப்பும்தான் போச்சு. டிஸ்பாட்ச் என்பது கூரியர்காரர் வண்டியில் ஏற்றும் நேரம். நம் செலவெல்லாம் அதற்குப் பல மணி நேரம் முன்பே முடிந்துவிடுகிறது. எனவே கெடுவைக் கடிகாரத்தில் வையுங்கள், அதுவும் பேக்கிங்குக்கு முன்னால்.

இப்போது எங்கள் விதி இப்படி இருக்கிறது: "பேக்கிங் காலை 7 மணிக்குத் தொடங்கும். முந்தைய இரவு இந்திய நேரம் 9 மணி வரை ரத்து செய்தால் முழுப் பணம் திரும்பும். அதன்பின் ரத்து இல்லை. மாலை 6 மணிக்கு மேல் வரும் ஆர்டர்கள் மறுநாள் பேக்கிங்கில் அல்ல, அதற்கும் அடுத்த நாள் பேக்கிங்கில் சேரும்." கடைசி வரி ஏன் என்றால், 8.50க்கு ஆர்டர் போட்டவருக்கு மனம் மாற பத்தே நிமிடம் கொடுப்பது நியாயமில்லை. மறுநாள் பேக்கிங் பட்டியலை 9.30க்குத்தான் எழுதுகிறோம். 8.58க்கு வந்த மெசேஜ் அந்த அரை மணி நேரத்தில் கண்ணில் பட்டுவிடும். ரத்து சொல்ல ஒரே ஒரு வாட்ஸ்அப் எண். இன்ஸ்டாகிராமில் நாம் பின்தொடராதவர் அனுப்பினால் அது ரிக்வெஸ்ட் பெட்டியில் போய்க் கிடக்கும், அப்புறம் "நான் அப்பவே சொன்னேனே" என்று சண்டை. பெயர் அச்சிடும் ஆர்டருக்கு இந்த 9 மணியும் பொருந்தாது. ஸ்டிக்கர் மாதிரியை அனுப்புவோம், அவர் "ஓகே" சொன்னதும் ரத்து வாய்ப்பு முடிந்தது.

விதியைத் தளத்தில் மட்டும் போடாமல், பணம் கட்டும் முன் அனுப்பும் மெசேஜிலும் அந்த நேரத்தை எழுதிவிடுங்கள்.

சிலர் கெடு தாண்டினால் பாதிப் பணம் பிடிப்போம் என்று எழுதுகிறார்கள். 2020இன் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள் இருப்பது நினைவிருக்கட்டும். நீங்களாக ஆர்டரை ரத்து செய்தால் அதேபோன்ற கட்டணத்தை நீங்களும் ஏற்காதவரை, வாங்குபவரிடம் ரத்துக் கட்டணம் வாங்க அவை அனுமதிப்பதில்லை. கெட்டுப்போன பொருளோ தவறான பொருளோ போனால் இந்தக் கெடுவைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது.

கேஷ் ஆன் டெலிவரிக்கு இது எதுவுமே உதவாது. வாசலில் நின்று "வேண்டாம்" என்றால் போகும் கூலியும் வரும் கூலியும் நம் தலையில். அதனால் பெயர் போட்ட பெட்டிக்கு முன்பணம் கட்டாதவரிடம் ஆர்டர் எடுப்பதையே நிறுத்திவிட்டோம்.