வாசிப்பு மதிப்பெண் போடும் எடிட்டர்: குறுவை, சம்பா இரண்டும் பார்த்த பிறகு

நான் தமிழில் எழுதப் பயன்படுத்தும் எடிட்டர் செயலியின் சந்தா விலையைக் குறைத்திருக்கிறார்களாம். மன்னார்குடிப் பக்கம் உழவர் குழு நடத்தும் நண்பர் "வாங்கலாமா?" என்று கேட்டார். விவசாயிகளுக்கான துண்டறிக்கைகளை நான் இதில்தான் எழுதுகிறேன். தட்டச்சு, சந்திப்பிழை பார்ப்பது, கைப்பேசியில் திறப்பது எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. நீளமான வாக்கியத்துக்கு மஞ்சள் அடிக்கும் வசதி உண்மையிலேயே உதவுகிறது. வினையெச்சமாகக் கோத்துக்கொண்டே போகும் பழக்கம் எனக்கு அதனால்தான் குறைந்தது.

என் கோபமெல்லாம் எழுதியது எவ்வளவு எளிது என்று வலது ஓரத்தில் காட்டும் அந்த மதிப்பெண் மேல்தான். அது 1948இல் ருடால்ஃப் ஃபிளெஷ் ஆங்கிலத்துக்காக வகுத்த சூத்திரம். தமிழுக்கும் அப்படியே போடுகிறார்கள்:

```
206.835 − 1.015 × (சொற்கள் ÷ வாக்கியங்கள்) − 84.6 × (அசைகள் ÷ சொற்கள்)
```

விடை 100ஐ நெருங்கினால் எளிது, 0ஐ நெருங்கினால் கடினம். அசை என்று இங்கே சொல்வது உயிரொலிகளின் எண்ணிக்கை. தமிழில் புள்ளி வைத்த மெய்யை விட்டுவிட்டு மற்ற எழுத்துகளை எண்ணினால் போதும். எடிட்டர் அதைச் சரியாகவே எண்ணுகிறது. தவறு 84.6 என்ற எண்ணில் இருக்கிறது. ஆங்கிலச் சொற்களின் நீளத்துக்கு அளந்து வைத்த எடை அது. அங்கே தனிச் சொற்களாக நிற்கும் பல வேலைகளைத் தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் சொல்லோடு ஒட்டிக்கொண்டு செய்கின்றன. அதனால் சின்னப் பிள்ளைக்கும் புரிகிற சொல்லே நாலு, ஐந்து அசைக்குப் போய்விடும்.

யூரியா மேலுரம் போடுவதற்கு முன் சொல்ல வேண்டிய வரியைப் பாருங்கள்: "நீரை வடித்துவிடுங்கள்." இரண்டு சொல், எட்டு அசை, சொல்லுக்கு சராசரி 4. கணக்குப் போட்டால் மைனஸ் 133.6 வருகிறது. இதையே "நீரை வடித்து விடுங்கள்" என்று பிரித்து எழுதினால் மூன்று சொல், அதே எட்டு அசை. மதிப்பெண் மைனஸ் 21.8. ஒரே ஒரு இடைவெளி 112 புள்ளியைத் தூக்கிவிட்டது! மொத்த அளவுகோலே 0 முதல் 100 வரைதான். துணைவினையைச் சேர்த்தும் எழுதுகிறோம், பிரித்தும் எழுதுகிறோம். படிக்கிறவருக்கு இதில் எந்தச் சிரமமும் கூடுவதோ குறைவதோ இல்லை. முழுப் பக்கத்தில் ஒரு இடைவெளி கரைந்துவிடும் என்பது சரி. ஆனால் பக்கம் முழுக்கச் சேர்த்தே எழுதுகிறவருக்கும் பிரித்தே எழுதுகிறவருக்கும் உள்ள வித்தியாசம் கரையாது.

துருக்கியும் நம்மைப் போல ஒட்டுநிலை மொழிதான். அதற்கு 1997இல் ஆதெஷ்மான் என்ற ஆய்வாளர் இந்தச் சூத்திரத்தின் எடைகளை மாற்றி அமைத்தார். அசைக்கான எடை 40.175 ஆக இறங்கியது. அதையே எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். போட்டுப் பார்த்தேன். மேலே உள்ள இரண்டு வடிவத்துக்கும் 32.9, 83.9 என்று வருகிறது. மைனஸ் போய்விட்டது, ஆனால் இடைவெளிக்கு இன்னும் 51 புள்ளி. தமிழுக்குத் தனியாக எடை கண்டுபிடித்தாலும் போதாது. ஒட்டும் உருபுகளைப் பிரித்துவிட்டு அப்புறம் எண்ண வேண்டும், இல்லாவிட்டால் சொல் என்ற அலகையே விட்டுவிட வேண்டும்.

சம்பா சமயத்தில் இந்தச் சிவப்பு எண்ணைக் காட்டித்தான் ஓர் அலுவலகம் என் துண்டறிக்கையைத் திருப்பி அனுப்பியது. அவர்கள் சரிசெய்து அனுப்பிய பிரதியில் உருபுகளையெல்லாம் வெட்டி, "வயல் இல் இருந்து" என்ற அளவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். எண் ஏறியிருந்தது; வாய்விட்டுப் படித்தால் நாக்கு தடுக்கியது.

உண்மையான சிக்கல் இருந்த இடத்தை எடிட்டரும் காட்டவில்லை, அவர்களும் பார்க்கவில்லை. "துத்தநாக சல்பேட் எக்டருக்கு 25 கிலோ" என்று ஒரு வரி. எக்டருக்கு, ஏக்கருக்கு இரண்டுமே நாலு அசை, சூத்திரத்துக்கு இரண்டும் ஒன்று. இங்கே நிலத்தை மாவிலும் ஏக்கரிலும்தான் நினைக்கிறார்கள். பழக்கத்தில் ஏக்கர் என்று படித்துவிட்டால் இரண்டரை மடங்கு போய் விழும். "ஏக்கருக்கு 10 கிலோ" என்று என்னை மாற்ற வைத்தது கீழத்தெருப் பெரியவர் ஒருவர். "இதைப் படிச்சா எவ்வளவு போடுவீங்க?" என்று கேட்டதற்கு அவர் "மூட்டை கணக்கு உதைக்குதே தம்பி" என்றார். "தூர்கட்டும் பருவத்தில்" என்பதற்கு எடிட்டர் சிவப்பு அடித்தது. அங்கே அவர் நிற்கக்கூட இல்லை.

மஞ்சள் கோடு நல்லது, சந்திப்பிழை பார்ப்பதும் நல்லது, இப்போது விலையும் பரவாயில்லை. இருந்தாலும் நண்பரிடம் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். அந்த எண்ணை மறைக்க அமைப்புகளில் வழியே கிடையாது. குழுவில் யாராவது அதைப் பார்த்தால் மறுபடியும் உருபுகளை வெட்ட ஆரம்பித்துவிடுவார்கள்.