க்யூசியிலிருந்து டெஸ்டிங்: எந்த ரெண்டு வரி?

திருப்பூர் பனியன் கம்பெனியில் 6 வருசம் க்யூசி பார்த்த தம்பி, கோவையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் மேனேஜருக்கு வேலை கேட்டு அனுப்ப ரெண்டு விதமாக எழுதி வந்தான்.

அ: "கூர்ந்த கவனமும் குழுவாக உழைக்கும் திறனும் எனக்கு உண்டு. வாய்ப்புத் தாருங்கள்."

ஆ: "அளவு தப்பிய பனியனைப் பிடித்து, எந்த மெஷினில் வந்ததென்று எழுதி, சரிசெய்ததும் மறுபடி பார்ப்பது என் வேலை, பக் ரிப்போர்ட்டும் ரீடெஸ்டும் அதே முறைதான். நான் எழுதிய 10 டெஸ்ட் கேஸ் அனுப்பட்டுங்களா?"

எழுத: அ ரெண்டு நிமிசம், ஆ ஒரு சாயங்காலம்.
நம்ப: அ யாருக்கும் பொருந்தும், சமையல்காரருக்கும்கூட. ஆவில் வேலையே தெரிகிறது.
பதில்: ஆவுக்கு மேனேஜர் "அனுப்புங்க" என்றாலே போதும்.

தெரிந்தவர் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தால் அ ஓடும். முன்பின் தெரியாதவருக்கு ஆதான். அந்த 10 கேஸ் கையில் இல்லாமல் மட்டும் அனுப்பிடாதே சாமி.