முழுப் படமா, வெட்டிய துண்டா?

சுங்கை சிப்புட்டில் பழைய லயத்து வீட்டு வாசலில் பாட்டி நிற்கும் படம். பக்கத்தில் ஒரு நீல வாளி. அதை நீக்க என்னிடம் இருப்பது 2 ஜிபி நினைவகக் கைப்பேசி.

படம் திருத்தும் செயலியில் முழுப் படத்தையும் திறந்தால் வேலை சுலபம், துண்டை வெட்டித் திருத்தித் திரும்ப ஒட்டும் தொல்லை இல்லை. ஆனால் 4000×3000 படம் திறந்ததும் நினைவகத்தில் சுமார் 48 எம்பி பிடிக்கும். செயலி வைக்கும் நகல்களோடு அது பல மடங்காகும். செயலி மூடிக்கொள்ளலாம், இல்லையென்றால் சத்தமில்லாமல் படத்தைச் சுருக்கிச் சேமிக்கலாம். சேமித்ததும் படத்தின் விவரத்தைப் பாருங்கள்: 1600×1200 என்றிருந்தால் சுருங்கிவிட்டது. வாட்ஸ்அப்பில் அனுப்ப அது போதும், சட்டம் போட்டு மாட்டப் போதாது.

வாளியைச் சுற்றி 1000×1000 துண்டு வெட்டினால் 4 எம்பிதான். வாளியின் அகலம் அளவுக்காவது நாலு பக்கமும் இடம் விடுங்கள். நிரப்ப வேண்டிய சிமெண்டுத் தரையைச் செயலி அங்கிருந்துதான் எடுக்கும். திருத்தம் துண்டின் ஓரத்தைத் தொட்டால் ஒட்டிய கோடு தெரியும். துண்டைப் பிஎன்ஜியாகச் சேமித்து, அடுக்கு வசதியுள்ள செயலியில் அளவை மாற்றாமல் அதே இடத்தில் வையுங்கள். கடைசியாகச் சேர்க்கும்போது மட்டும் முழுப் படம் திறக்க வேண்டும், அப்போது மற்ற செயலிகளை மூடிவிடுங்கள். தரையின் வெடிப்புக் கோடு இரு பக்கமும் நேராகச் சேர்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன், சேர்ந்தது. பாட்டி படத்துக்கு எனக்கு இந்த வழிதான்.