ரிப்போர்ட் கார்டா, ஸ்கோர் கார்டா? இரண்டாம் சுற்றில்தான் தெரியும்

ஒரு சுகாதார நிலையத்தின் சேவையை அளக்க எங்கள் குழு சமூக ஸ்கோர் கார்டைத் தேர்ந்தெடுத்தது. மக்களும் ஊழியர்களும் தனித்தனியே மதிப்பெண் போட்டு, பிறகு சேர்ந்து உட்கார்ந்து பேசும் முறை இது. குடிமக்கள் ரிப்போர்ட் கார்டையும் யோசித்துவிட்டுத்தான் விட்டோம்.

ரிப்போர்ட் கார்டு என்பது மாதிரிக் கணக்கெடுப்பு. பெங்களூரில் சாமுவேல் பால் முன்னெடுத்து 1994-ல் வெளியானதுதான் இதற்குப் பெயர் வாங்கித் தந்தது. குடிநீர், மின்சாரம், மருத்துவமனை என்று துறைவாரியாக மக்களின் திருப்தியை அளந்து, முடிவை நாளிதழ்களில் வெளியிட்டார்கள். நகரம் முழுவதற்குமான ஒப்பீடு வேண்டுமென்றால் இதுதான் சரி. ஆனால் மறுபடி அளக்க அதே அளவு மாதிரி, பயிற்சி பெற்ற ஆட்கள், பணம் எல்லாம் மறுபடி வேண்டும். அங்கே அடுத்த சுற்று நடந்தது 1999-ல்.

எங்களுக்கு ஆறு மாதத்தில் மறுபடி அளக்க வேண்டியிருந்தது. அதனால் 2002-ல் ஆப்பிரிக்க நாடான மலாவியில் கேர் என்ற தொண்டு அமைப்பு உருவாக்கிய ஸ்கோர் கார்டை எடுத்தோம். முதலில் இருக்க வேண்டியதையும் இருப்பதையும் எண்ணினோம்: மூன்று செவிலியர் பணியிடம், வேலையில் இருந்தவர் இருவர். பிறகு பெண்கள், ஆண்கள், இளைஞர்கள் தனித்தனியாக உட்கார்ந்து ஐந்துக்கு மதிப்பெண் போட்டார்கள். காத்திருப்பு நேரத்துக்கு ஆண்கள் 3, பெண்கள் 1. ஊழியர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்டது 4.

நேருக்கு நேர் கூட்டத்தில் இந்த இடைவெளியைத்தான் பேசினோம். ஊழியர்கள் எண்ணியது மருத்துவரின் அறை வாசலில் நிற்கும் நேரத்தை மட்டும். பெண்கள் வந்து நின்றதோ பதிவு வரிசையில். அங்கே இருந்த ஒரே செவிலியர் கட்டும் போட்டு, பதிவேடும் எழுதிக்கொண்டிருந்தார். பதிவை உதவியாளரிடம் கொடுப்பது என்று முடிவானது. பொறுப்பாளர் யார், எந்தத் தேதிக்குள் என்று சுவரில் எழுதி ஒட்டினோம்.

ஆறு மாதம் கழித்துப் பெண்கள் காத்திருப்புக்கு 3 போட்டார்கள். மருந்து இருப்பு மட்டும் 2-லேயே நின்றது. ஆனால் அந்த 3-ஐ நான் பெரிதாக நம்பவில்லை. முதல் சுற்றுக்கு வந்தவர்களில் பாதிப் பேர்தான் திரும்ப வந்தார்கள். அதனால் ஸ்கோர் கார்டில் எண்ணை விட, அதற்குச் சொன்ன காரணத்தை ஒப்பிடுவதே மேல். வரிசையைப் பற்றிய புகார் இந்த முறை வரவில்லை, அது போதும்.

என் அனுபவம் ஒரு நிலையம், இரண்டு சுற்று, அவ்வளவுதான். ஆய்வுகளும் ஒன்றுபோல் இல்லை. உகாண்டாவில் 50 சுகாதார நிலையங்களில் இதே போன்ற முயற்சி குழந்தை இறப்பைக் கணிசமாகக் குறைத்தது என்று 2009-ல் வெளியான ஆய்வு சொன்னது. பின்னர் அங்கேயே இன்னும் பெரிதாகச் செய்து பார்த்தபோது இறப்பில் அந்தக் குறைவு தெரியவில்லை.

மருந்து விஷயத்தில் தவறு எங்களுடையதுதான். கூட்டத்தில் இருந்த யாருக்கும் மருந்து வரவழைக்கும் அதிகாரம் கிடையாது. சுவரில் ஒட்டியதில் மருந்துக்கு நேரே பொறுப்பாளர் கட்டம் காலியாகவே கிடந்தது. அடுத்த முறை கிடங்கு அதிகாரி வருவது உறுதியாகும் வரை கூட்டத்துக்குத் தேதி குறிக்கப் போவதில்லை.