ஏர்போர்ட்டுக்குக் குடும்பமே இறங்குவதா, இரண்டு பேர் போதுமா?

கோத்தகிரிப் பக்கம் யாராவது பல வருஷம் கழித்து வெளிநாட்டிலிருந்து வருகிறார் என்றால், வீட்டில் முதலில் கிளம்பும் பேச்சு கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்கு யார் யார் போவது என்பதுதான். வேன் பிடித்துக் குடும்பமே இறங்குவது ஒரு வழி. இரண்டு பேர் மட்டும் போய் அழைத்துவர, மற்றவர்கள் வீட்டு வாசலில் காத்திருப்பது இன்னொன்று. பெரியப்பா வீட்டு அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது வேனில் போனோம். என் தம்பி சார்ஜாவிலிருந்து வந்தபோது நானும் மாமாவும் மட்டும் போனோம். என் ஓட்டு இரண்டாவது வழிக்குத்தான்.

டாக்சி அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருப்பதும் உண்டு. வருஷா வருஷம் வந்து போகிறவருக்கு அது போதும். நெடுநாள் கழித்து வருபவருக்கு வேண்டாம்.

வேனில் போவதன் நல்லது என்னவென்று எல்லோருக்கும் தெரியும். கதவு திறந்ததும் அத்தனை முகங்களையும் ஒன்றாகப் பார்க்கும் சந்தோஷம் பெரிது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த இடம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். வரவேற்கப் போகிறவர்களை உள்ளே விடுவதில்லை. வாசலுக்கு வெளியே தடுப்புக் கம்பிக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். உள்ளே இமிகிரேஷன் வரிசை, பெல்ட்டில் பெட்டி வரும்வரை காத்திருப்பு, கஸ்டம்ஸ் எல்லாம் முடிய விமானம் இறங்கியதிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகலாம். அத்தனை நேரம் வயதானவர்களும் குழந்தைகளும் அர்த்த ராத்திரியில் நின்றபடி இருக்க வேண்டும். ஆள் வெளியே வந்த பிறகோ, பின்னால் வரும் டிராலிகளுக்கு வழி விட வேண்டும். நிதானமாக நிற்க முடியாது.

அண்ணன் வெளியே வந்ததும் ஒருவர் மாலை போட்டார், ஒருவர் சால்வை போர்த்தினார், நான்கு போன்கள் படம் எடுத்தன. அவர் கண் மட்டும் பெரியம்மாவைத் தேடிக்கொண்டே இருந்தது. பெரியம்மா கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அண்ணனின் மகன் அப்பாவை வீடியோ காலில் மட்டுமே பார்த்து வளர்ந்த சின்னப் பையன். "உங்க அப்பாடா, போ, போய் முத்தம் குடு" என்று யாரோ முன்னால் தள்ள, அவன் வீறிட்டு அழுது அண்ணியின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். பிள்ளையை ஒருபோதும் அப்படித் தள்ளக் கூடாது. வந்தவர் கீழே உட்கார்ந்து, பிள்ளையின் கண் மட்டத்துக்கு முகத்தைக் கொண்டுவந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு அது தானாக வரும்வரை விட வேண்டும். அதற்குத் தோதான இடம் அந்த வாசல் இல்லை.

இதைவிடவும் என் மனதை முடிவு செய்ய வைத்தது, ஏர்போர்ட்டிலிருந்து வீடு வரையான அந்தப் பயணம். கோத்தகிரிக்குச் சுமார் 70 கிலோமீட்டர், அதில் பாதி மேட்டுப்பாளையத்துக்கு மேலே மலைப்பாதை. இரண்டரை மணி நேரம் வண்டிக்குள் யாரோடு உட்கார்ந்து வருகிறார் என்பதுதான் உண்மையான வரவேற்பு என்று நினைக்கிறேன்.

அப்பா இறந்தபோது தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. காரியத்துக்கும் வர முடியவில்லை. இப்படி வருகிறவரை அழைக்கப் போகும்போது மாலை, கைதட்டல், போட்டோ எதுவும் பொருந்தாது. அம்மாவை அழைத்துப் போனால் பார்த்த நொடியில் இருவரும் கட்டிப்பிடித்து அழுவார்கள். அழட்டும், அழத்தான் வேண்டும். ஆனால் டிராலி இடிக்கும் இடத்தில், முன்பின் தெரியாதவர்கள் பார்க்க வேண்டாமே. அதனால்தான் தாய்மாமனை அழைத்துக்கொண்டு போனேன். அம்மாவின் சார்பில் நிற்க அவரைவிட உரிமையுள்ளவர் யார்?

தம்பி வந்ததும் டிராலியை விட்டுவிட்டு மாமாவின் காலைத் தொடக் குனிந்தான். மாமா பாதியிலேயே தோளைப் பிடித்து நிமிர்த்தி, "வாய்யா, நல்லபடியா வந்து சேர்ந்தியா?" என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. அப்புறம், "அம்மா வாசல்ல உக்காந்திருக்கும், வா போலாம்" என்றார். நான் டிராலியை வாங்கிக்கொண்டேன். அந்த இடத்தில் இவ்வளவு பேச்சு போதும். இளைத்துவிட்டாய், முடி கொட்டிவிட்டது, வேலை என்ன ஆயிற்று, எப்போது திரும்பிப் போகிறாய் என்பதெல்லாம் அங்கே வேண்டாம். அப்பா பேச்சை நாமாக எடுக்கவும் கூடாது. அவனாக எடுத்தால் தடுக்கவும் கூடாது.

மேட்டுப்பாளையத்தில் மலை ஏறும் முன் டீக்கடையில் நிறுத்தினோம். அரை டம்ளர் டீ உள்ளே போன பிறகுதான், "அப்பா கடைசியா என்ன கேட்டாரு மாமா?" என்றான். மாமா ஒன்றுவிடாமல் சொன்னார். ஆஸ்பத்திரியில் எந்தப் பக்கம் படுத்திருந்தார், யார் கையைப் பிடித்திருந்தார் என்பது வரை. ஏழெட்டுப் பேர் ஏறிய வேனில் இந்தக் கேள்வியை அவன் கேட்டிருக்கவே மாட்டான். கேட்டாலும் பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லியிருப்பார்கள்.

வீட்டில் என்ன செய்வது என்பதைப் பெரியவர்களிடம் முன்பே கேட்டுவிட்டோம். சாதாரணமாக என்றால் வாசலில் நிறுத்தி, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த சிவந்த நீரில் வெற்றிலை மேல் சூடம் ஏற்றி ஆரத்தி சுற்றுவோம். துக்கத்துக்கு வராத பிள்ளை முதல்முறை வீடு நுழையும்போது அது வேண்டாம் என்று அத்தை சொல்லிவிட்டார். கால் கழுவ வெந்நீர் வைத்தோம். அம்மா நெற்றியில் திருநீறு பூசி, நேரே அப்பா படத்துக்கு முன்னால் அழைத்துப் போனார். மற்ற வீடுகளில் வழக்கம் வேறாக இருக்கலாம். எங்கள் பக்கத்து வீட்டுப் படகர் குடும்பத்தில் இளையவர் தலை குனிய, பெரியவர் தலையில் கை வைத்து வாழ்த்துவார்கள். இதையெல்லாம் வண்டி வந்து நின்ற பிறகு கூடிப் பேசினால் வருகிறவர்தான் வாசலில் தவிப்பார்.

இரண்டு பேர் போவதில் வேலையும் சுலபம். ஒருவர் கம்பியருகே நிற்க, ஒருவர் பார்க்கிங்கில் வண்டியோடு இருக்கலாம். கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள் காருக்குள்ளேயே அடங்கிவிடும், கூரையில் கட்டித் தார்ப்பாய் போட வேண்டியதில்லை. வெளிநாட்டு சிம் இங்கே வேலை செய்யாமல் போகலாம். அதனால் எந்த இடத்தில் நிற்போம் என்பதை விமானம் ஏறும் முன்பே சொல்லிவிடுங்கள். பாலைவன வெயிலிலிருந்து வருகிறவருக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்தான். பிளாஸ்டிக் பாட்டிலையும் பிளாஸ்டிக் தாள் சுற்றிய பூங்கொத்தையும் நீலகிரி செக்போஸ்ட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சொந்த வண்டி நீலகிரிப் பதிவான டிஎன் 43 என்றால் கவலையில்லை. கோவை டாக்சி என்றால் மலைக்குள் நுழைய இ-பாஸ் முன்பே எடுத்திருக்க வேண்டும். பலாப்பழ சீசனில் மலைப்பாதையில் குஞ்சப்பனை பக்கம் யானை நிற்கும். இருட்டில் கிளம்பி ஏறாமல், வெளிச்சம் வரும்வரை மேட்டுப்பாளையத்திலேயே இருந்துவிடலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வருகிறவருக்கு மனைவி இருந்தால், அழைக்கப் போகும் இரண்டு பேரில் ஒருவர் அவராகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. வண்டியில் பின் சீட்டை அவர்கள் இருவருக்கும் விட்டுவிட்டு, ஓட்டுகிறவர் பேச்சுக் கொடுக்காமல் வருவது நல்லது. குழந்தையையும் கூட்டிப் போகலாமா என்பதை, தூக்கம் கெட்டால் அது எப்படி இருக்கும் என்று தெரிந்த தாயே முடிவு செய்யட்டும்.