போல்ட் நூலகம்: ஒரே கோப்பா, அளவுக்கு ஒரு கோப்பா?

சாலிட்வொர்க்ஸில் குழுவுக்குப் பொதுவான போல்ட் நூலகம் அமைக்கும்போது வரும் குழப்பம் இது. ஐஎஸ்ஓ 4017 போல்ட்டின் எல்லா அளவுகளையும் ஒரே கோப்பில் கான்ஃபிகரேஷன்களாக வைப்பதா, அளவுக்கு ஒரு கோப்பு வைப்பதா?

உருவாக்கும் வேலை
ஒரே கோப்பு: ஒரு டிசைன் டேபிள் போதும். M8 என்றால் தலை அகலம் 13 மி.மீ., உயரம் 5.3 மி.மீ.; நீளம் மட்டும் மாறும்.
தனிக் கோப்பு: சலிப்பான வேலைதான்.

அளவை மாற்றுதல்
ஒரே கோப்பு: கான்ஃபிகரேஷனை மாற்றினால் சரி, மேட்கள் அப்படியே நிற்கும்.
தனிக் கோப்பு: ஒவ்வொன்றையும் புதிதாக வரைந்திருந்தால் மேட்கள் உடையும். ஒரே மூலக் கோப்பிலிருந்து `Save As` செய்திருந்தால் பெரும்பாலும் தப்பிக்கும்.

பகிர்தல்
ஒரே கோப்பு: வம்பு இங்கேதான். ஒருவர் தன் கணினியில் உள்ள பிரதியில் `M8x35` சேர்த்து அசெம்பிளியை அனுப்புகிறார். அதைப் பெற்றவரிடம் அதே பெயரில் கோப்பு இருக்கிறது, அந்த அளவு இல்லை. எச்சரிக்கையைக் கவனிக்காமல் தட்டிவிட்டால் வேறொரு அளவு வந்து உட்காரும். சில சமயம் தகட்டைவிடப் பெரிய போல்ட்! அது கண்ணில் படும். `M8x30` வந்தால்தான் ஆபத்து, பாகப் பட்டியலைப் பார்த்தால்தான் தெரியும்.
தனிக் கோப்பு: கோப்பு இல்லையென்றால் மென்பொருள் நேரடியாகக் கேட்கும்.

எல்லோரும் ஒரே சர்வரில், படிக்க மட்டும் அனுமதியுள்ள ஒரே ஃபோல்டரைப் பயன்படுத்தினால் ஒரே கோப்பு வசதி. வெளியாட்களுக்கு அசெம்பிளி போகிறதா, பிடிஎம்மில் ஒவ்வோர் அளவுக்கும் தனி ரிவிஷன் வேண்டுமா? அப்போது தனிக் கோப்புதான்.