கடலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு: நல்ல மதர்போர்டைக் கழற்றிக்கொண்டு 9,400 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடை. பெயர் வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

வீட்டில் டிடிபி வேலைக்கு வைத்திருக்கும் டெஸ்க்டாப், வேலை நடுவில் கரண்ட் போனது போல அணைந்து தானே திரும்ப ஓட ஆரம்பித்தது. கல்யாணப் பத்திரிகை சீசன் என்பதால் பயந்துபோய்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கடைக்காரர், விண்டோஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து Kernel-Power 41 என்ற வரியைக் காட்டினார். "பாருங்க சார், போர்டு போயிடுச்சு" என்றார். நானும் நம்பினேன். உண்மையில் அந்த வரிக்கு, கம்ப்யூட்டர் முறையாக அணைக்கப்படாமல் நின்றுபோனது என்று மட்டும்தான் அர்த்தம். எதனால் நின்றது என்பது பெரும்பாலும் அதில் இருக்காது.

மதர்போர்டையும் ரேமையும் ஒன்றாக மாற்றி 9,400 ரூபாய் வாங்கினார்கள். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் அதே கோளாறு. திரும்பப் போனால், "அப்போ பிராசசர்தான், இன்னொரு எட்டாயிரம் ஆகும்" என்றார்கள். பேசாமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் மச்சானுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை தன் சொந்த டெஸ்க்டாப்பையே பைக்கில் கட்டிக்கொண்டு வந்தான். "மாமா, கடையில புதுசா வாங்கின பார்ட்டை வெச்சு சோதிச்சா அதுவும் பழுதா இருக்கலாம். இது நேத்து ராத்திரி வரைக்கும் ஒழுங்கா ஓடினது" என்றான்.

அவன் எதையும் கழற்றுவதற்கு முன்னால், எத்தனை நிமிஷத்தில் அணைகிறது என்று கேட்டான். பெரிய படங்களைத் திறந்து வேலை செய்தால் 15 முதல் 25 நிமிஷத்துக்குள் அணையும், சும்மா வைத்திருந்தால் அணையாது. கடை மேஜையில் வேலை ஏதும் கொடுக்காமல் ஓடவிட்டு 'சரியாயிடுச்சு' என்று கொடுத்தது ஏன் தப்பு என்று அப்போதுதான் புரிந்தது. அதே வேலையைக் கொடுத்து ஒரு மணி நேரம் தாண்டினால்தான் தேறியதாகக் கணக்கு என்று முடிவு செய்தோம்.

முதலில் யூபிஎஸ்ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் செருகினோம். 18 நிமிஷத்தில் அணைந்தது. யூபிஎஸ்ஸைப் பழையபடி சேர்த்துவிட்டுப் பவர் கேபிளை மாற்றினோம். 22 நிமிஷம். கேபிளையும் பழையபடி போட்டுவிட்டு அவனுடைய ரேமைப் போட்டோம் (இரண்டுமே டிடிஆர்4 வகை, வகை வேறானால் பொருந்தாது). அப்போதும் அணைந்தது. ஒவ்வொரு முறையும் பழையதைத் திரும்ப வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டான். இரண்டைச் சேர்த்து மாற்றினால், கோளாறு நின்றாலும் எது காரணம் என்று தெரியாது. கடைக்காரர்கள் செய்தது அதைத்தான்.

நாலாவதாக, கம்ப்யூட்டருக்குள் எல்லாப் பார்ட்டுக்கும் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ். அவனுடையதை மாட்டினோம். ஒரு மணி நேரம் ஓடியது, இரண்டு மணி நேரம் ஓடியது. நான் சந்தோஷத்தில் மூடியை மாட்டப் போனேன். "இருங்க மாமா, இன்னும் முடியலை" என்று என் பழைய எஸ்எம்பிஎஸ்ஸையே திரும்ப மாட்டினான். 16 நிமிஷத்தில் அணைந்தது. இந்தக் கடைசிப் படியைத் தயவுசெய்து யாரும் விடாதீர்கள். கடலோர ஊரில் உப்புக்காற்றுக்கு கனெக்டர்களில் களிம்பு பிடித்துவிடும். கழற்றி மாட்டினாலே சில கோளாறு போய்விடும், நாம் புதுப் பார்ட்டால்தான் சரியானது என்று நினைத்துக்கொள்வோம். பழையதை வைத்ததும் கோளாறும் திரும்பி வந்தால்தான் குற்றவாளி அதுதான்.

கடையில் மல்டிமீட்டர் வைத்து 'எஸ்எம்பிஎஸ் ஓகே' என்று சொல்லியிருந்தார்கள். கம்ப்யூட்டரில் மாட்டாமல் அளந்திருக்கிறார்கள். 12 வோல்ட் லைன் 11.4-க்குக் கீழே போகக் கூடாது. சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டும், வேலை ஏறினால்தான் இறங்கும்.

அந்த எஸ்எம்பிஎஸ்ஸை அவன் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்ப்போமா என்று கேட்டேன். ஒரேயடியாக மறுத்துவிட்டான். பழுதான பவர் சப்ளை நல்ல போர்டையும் எரித்துவிடுமாம். கருகல் வாசனை வந்த மெஷினிலும் நல்ல பார்ட்டை வைத்துச் சோதிக்கக் கூடாது என்றான்.

இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. டியூப்லைட் எரியாவிட்டால் அம்மா பக்கத்து அறை ஸ்டார்ட்டரைத் திருகி எடுத்து மாட்டிப் பார்ப்பார்களே, அதேதான். மிக்ஸியோ மோடமோ எதுவானாலும் இப்படிப் பார்க்கலாம். இரண்டு பார்ட் ஒரே நேரத்தில் போயிருந்தால் மட்டும் ஒன்றை மாற்றியதும் சரியாகாது, அங்கே கொஞ்சம் பொறுமை வேண்டும்.

புது எஸ்எம்பிஎஸ் 2,100 ரூபாய் ஆனது. இரண்டு மாதமாக ஒரு முறைகூட அணையவில்லை. ஆனால் பழுதே இல்லாத என் பழைய போர்டும் ரேமும் கடையில் போய்விட்டன. கேட்டால் "கம்பெனிக்கு அனுப்பிட்டோம்" என்கிறார்கள். பில்லில் 'சர்வீஸ்' என்று ஒரே வார்த்தைதான் இருக்கிறது, சண்டை போட ஆதாரம் இல்லை. நீங்கள் கொடுக்கும்போது மூடியைத் திறந்து போர்டு, ரேம் ஸ்டிக்கர்களில் இருக்கும் சீரியல் எண்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பார்ட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே பில்லில் எழுதி வாங்குங்கள். பார்ட்டை மாற்றிவிட்டோம் என்றால், பழையதைத் திரும்ப மாட்டி என் கண் முன்னால் கோளாறைக் காட்டுங்கள் என்று கேளுங்கள்.